அரை மணி நேரத்துக் கணக்கு

ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் ஒரு பேட்டரிக் கடையில்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன். அப்போது எல்லாம் ஈய ஆசிட் பேட்டரிதான். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியின் மேல் ஆறு மூடி இருக்கும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிற வேலையை எனக்குக் கொடுத்தபோது ஏன் ஆறு என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் ஓனரே ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு மூடிக்குள்ளும் விட்டுக் காட்டினார். ஐந்தில் மிதவை உயர நின்றது. ஆறாவதில் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. "ஒரு செல் போச்சு, பேட்டரியே போச்சு" என்றார். இரண்டு வோல்ட் செல் ஆறு, ஒன்றன் வாலில் அடுத்ததன் தலை என்று சீரிஸில் கட்டியிருப்பதைத்தான் நாம் ஒரே பெட்டியாகப் பார்க்கிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சீரிஸ் என்றால் என்ன என்பதை எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் வண்டிகளிடமும் படித்திருக்கிறேன். அந்த வண்டிகளுக்கு 24 வோல்ட் வேண்டும். அதனால் இரண்டு 12 வோல்ட் பேட்டரியை சீரிஸில் போட்டிருப்பார்கள். மணிக்கணக்கில் காத்திருக்கிற டிரைவர் ஒரு சின்ன ஃபேனுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் 12 வோல்ட் தேடுவார். இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துக்கொள்வார். ஃபேன் சுற்றும், பாட்டும் பாடும். ஆனால் அந்தப் பேட்டரி மட்டும் தினமும் கொஞ்சம் கூடுதலாக வடிகிறது. ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட் தருவதுதான் அதன் வேலை. வடிந்த பேட்டரி 13.2-இல் நின்றால் மிச்சம் 14.8 மற்றதன் தலையில் விழும். ஒன்று பசியில் சாகும், இன்னொன்று தண்ணீர் கொதித்துச் சாகும். "ஃபேன் போட்ட பேட்டரி இருக்கு, போடாத பேட்டரி எப்படிண்ணே போச்சு?" என்று கேட்காத டிரைவர் இல்லை.

இப்போது நான் திருவொற்றியூரில் சொந்தமாக லித்தியம் பேக் கட்டுகிறேன். ஈ-பைக்குக்கும் கட்டுவேன். ஆனால் எனக்குப் பிடித்த வேலை ஃபைபர் போட்டுக்குக் கட்டுவது. ராத்திரி வலைக்குப் போகிற போட்டில் விளக்கு, மீன் காட்டும் சவுண்டர், ஜிபிஎஸ், வயர்லெஸ் செட் எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகின்றன. சின்ன அவுட்போர்டு எஞ்சினில் இதற்கெல்லாம் சார்ஜ் ஏறாது. பேட்டரியைத் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் ஏற்ற வேண்டும். இருபது கிலோவுக்கு மேல் கனக்கிற ஈயப் பெட்டியை மணலில் தினமும் சுமப்பவரிடம் ஐந்தாறு கிலோ பெட்டியைக் காட்டினால் விலை பேசுவதற்கு முன்பே கையில் எடுத்து எடை பார்ப்பார்.

எண்ணூர்க் குப்பத்துக்காரர் ஒருவருக்குக் கட்டிய பேக்கைச் சொல்கிறேன். அவருடைய சாமான்கள் எல்லாம் சேர்ந்து சராசரியாக 50 வாட் இழுத்தன. ஒரு ராத்திரிக்கு 9 மணி நேரம், ஆக 450 வாட் அவர். முதலில் வோல்ட். லித்தியத்தில் இரண்டு வகை செல் கைக்குக் கிடைக்கும். பைக் பேக்குகளில் வருகிற என்எம்சி செல் நிரம்பினால் 4.2 வோல்ட். மூன்றை சீரிஸில் போட்டால் நிரம்பியபோது 12.6 இருக்கும், வடிய வடிய 10-க்கும் கீழே போய்விடும், வயர்லெஸ் செட் பாதி ராத்திரியில் கத்தத் தொடங்கும். நான்கைப் போட்டால் 16.8, சவுண்டர் புகைந்தாலும் புகையும். இரும்பு பாஸ்பேட் செல் 3.2 வோல்ட், நிரம்பினால் 3.65. நான்கு போட்டால் வேலை செய்கிறபோது 12.8, நிரம்பும்போது 14.6. பழைய ஈயப் பேட்டரி உட்கார்ந்திருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிடும். ஆகவே சீரிஸில் நான்கு என்பதை நான் முடிவு செய்வதில்லை, போட்டில் இருக்கிற சாமான்கள் முடிவு செய்கின்றன.

பேரலலில் எத்தனை என்பது நேரத்தின் கணக்கு. 450-ஐ 12.8-ஆல் வகுத்தால் 35 ஆம்பியர் அவர். அடிவரை வழிக்காமல் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் விட்டால் 44 வேண்டும். நான் போடுவது 32700 என்ற உருளை செல், ஒன்று 6 ஆம்பியர் அவர். ஏழு போட்டால் போதாது, எட்டு. ஆக, எட்டு செல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் ஒரு குரூப். அப்படி நான்கு குரூப்பை வரிசையாகக் கோத்தால் பேக். மொத்தம் 32 செல், 48 ஆம்பியர் அவர். கடையில் இதை நாலு எஸ் எட்டு பி என்போம்.

ஏன் முதலில் பேரலல், பிறகு சீரிஸ்? நான்கு நான்காக சீரிஸ் சரம் கட்டி எட்டுச் சரத்தைச் சேர்த்தாலும் அதே 12.8, அதே 48 வருமே என்று பையன்கள் கேட்பார்கள். வரும். ஆனால் பேரலலில் ஒட்டியிருக்கிற எட்டும் ஒரே வோல்ட்டில்தான் இருக்க முடியும். ஒன்று இறங்கினால் மற்றவை தாமே ஊட்டிவிடும். குரூப்பை ஒரே பெரிய செல் என்று எடுத்துக்கொண்டு பிஎம்எஸ் போர்டிலிருந்து நான்கு குரூப்புக்கும் காவல் வயர் போட்டால் போதும். தனித்தனிச் சரம் என்றால் 32 செல்லுக்கும் காவல் வேண்டும்.

ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு செல்லையும் நிரப்பி, வடித்து, கொள்ளளவை அதன் உடம்பிலேயே மார்க்கரில் எழுதிவிடுவேன். புதுச் செல்லிலும் 5.8 வரும், 6.1 வரும். பேரலலுக்குள் இந்த வித்தியாசம் பரவாயில்லை. நான்கு குரூப்பின் கூட்டுத்தொகைதான் ஒத்துவர வேண்டும். நல்லதை எல்லாம் ஒரு குரூப்பில் சேர்த்தால் அந்த நல்லதால் லாபமில்லை. குறைந்த குரூப் காலியானதும் பிஎம்எஸ் கடையைச் சாத்திவிடும். இதைச் சீட்டுப் பிரிப்பதுபோலப் பிரிப்பேன். கூடியது ஒன்று, குறைந்தது ஒன்று என்று நான்கு பக்கமும் விழும்.

அந்தப் பேக்கைக் கட்டிக் கொடுத்து ஏழெட்டு மாதம் இருக்கும். அவர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "சாயங்காலம் எட்டு மணிக்குப் போட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாம் ஆஃப் ஆவுதுணா. ஆனா சார்ஜு மட்டும் சூப்பரா ஏறுது, அஞ்சு மணி நேரம் ஆனது இப்ப ரெண்டரை மணி நேரத்துல பச்சை வந்துடுது" என்றார். இரண்டாவதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. பத்து ஆம்பியர் சார்ஜரில் இரண்டரை மணி என்றால் 25. போட்டில் ஆறு மணி நேரம், சுமார் நான்கு ஆம்பியர், அதுவும் 24. நாற்பத்தெட்டில் பாதி. "பாதி செல் போயிடுச்சா?" என்றார். பதினாறு செல் ஒரே நாளில் போகாது. ஏதோ ஒரு குரூப்பில் நான்கு செல் வேலைக்கு வரவில்லை. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. அந்த ஒரு குரூப் 24-இல் காலியாகிறது. மற்ற மூன்று குரூப்பும் பாதி வயிற்றோடு வீட்டுக்குத் திரும்பிப் போகின்றன.

பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்தேன். நான்கு குரூப்பும் 3.33. சமர்த்துப் பிள்ளைகள். நிரம்பியிருக்கும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. பாதி போன குரூப்பும் தன் பாதியை முழுக்க நிரப்பிக்கொண்டு மற்றவற்றோடு சேர்ந்தே கரையேறிவிடும். அதனால் லோடு போட்டு வடிய விட்டேன். கட் ஆனதும் மூன்று குரூப் 3.28-இல் இருக்க, மூன்றாவது குரூப் மட்டும் 2.5-க்கு இறங்கி மெல்ல 2.9-க்கு ஏறியது. இப்போது மீட்டர் முனையை நிக்கல் பட்டையில் வைக்காமல், பட்டையின் பிளவுக்குள் விட்டு ஒவ்வொரு செல்லின் தொப்பியையே தொட்டேன். நான்கு செல் 2.9. கேபிள் நுழைகிற ஓரமாக இருந்த நான்கும் 3.35. அவை கெடவில்லை. நிரம்பிய வயிற்றோடு சும்மா உட்கார்ந்திருந்தன. பட்டை அவற்றின் மேல் வெறுமனே படுத்திருந்தது. நகத்தால் தூக்கினால் எழுந்து வந்தது. அடியில் வெல்டு புள்ளி நான்கும் துருவேறிக் காபி நிறத்தில் இருந்தன.

சுத்த நிக்கல் துருப்பிடிக்காது. நான் வாங்கியது நிக்கல் பூசிய இரும்புப் பட்டை. விற்றவர் சொன்னதை நம்பினேன், சோதிக்கவில்லை. காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, நிக்கலையும் காந்தம் இழுக்கும். கிரைண்டரில் தொட்டால் இரும்பு பொறி பறக்கும், நிக்கல் பறக்காது. அதைவிட எளிய வழி நம் ஊரிலேயே இருக்கிறது. பட்டையின் ஒரு துண்டை அரத்தால் கீறி உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வைத்தால் காலையில் தண்ணீர் பழுத்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். உலர்ந்த ஊரில் பூச்சுப் பட்டை பல வருஷம் ஓடியிருக்கலாம். கேபிள் ஓட்டை வழியாகக் கடல் ஈரம் போகிற பெட்டியில் அது ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை.

விட்டுப்போன நான்கை அப்படியே வெல்டு செய்துவிடக் கூடாது. நிரம்பியதும் வடிந்ததும் அந்த நொடியில் கைகோத்தால், செல்லின் உள் எதிர்ப்பு சில மில்லிஓம்தான் என்பதால், 0.4 வோல்ட் வித்தியாசத்துக்கே ஒவ்வொன்றிலும் இருபது ஆம்பியருக்கு மேல் பாயும். வடிந்த நான்கையும் ஒரே செல்லுக்கான சார்ஜரில் 3.65 வரை ஏற்றினேன். சும்மா இருந்த நான்கையும் அதே அளவுக்கு ஏற்றினேன். ஒரு ராத்திரி விட்டு, எட்டும் ஒரே எண் காட்டிய பிறகு சுத்த நிக்கல் பட்டையில் ஒட்டினேன். ஒரு குரூப்பை மட்டும் சரி செய்து அனுப்ப மனம் வரவில்லை. நான்கு குரூப்பின் பட்டையையும் உரித்துப் போட்டேன். அது என் செலவு. இப்போது ஒரு மாதிரித் துண்டில் வெல்டு செய்து குறட்டால் இழுத்துப் பார்க்காமல் பேக்கைத் தொடுவதில்லை. பட்டை பிய்ந்தாலும் வெல்டு புள்ளி செல்லிலேயே நிற்க வேண்டும்.

பிஎம்எஸ் இதை எல்லாம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண போர்டு குரூப்புகளைச் சமப்படுத்துவது நிரம்புகிற கடைசி நேரத்தில்தான், அதுவும் 50 மில்லிஆம்பியர் அளவில். ஒரு ஆம்பியர் அவர் வித்தியாசத்தைச் சரி செய்யவே இருபது மணி நேரம் வேண்டும். கழன்று கிடக்கிற செல்லை அதனால் பார்க்கவே முடியாது.

அந்தப் பேக் மறுபடி ஐந்து மணி நேரம் சார்ஜ் எடுக்கிறது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். போட்டிலோ வண்டியிலோ லித்தியம் பேக் வைத்திருப்பவர்கள் முதல் மாதமே சார்ஜ் ஏற எத்தனை மணி ஆகிறது என்று பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். என்றைக்காவது அரை மணி முன்னதாகப் பச்சை வந்தால் சந்தோஷப்படாமல் கட்டியவரிடம் கொண்டுபோங்கள்.