டபுளா இருக்கிறதைத் தூக்குங்க சேர்

வெள்ள நிவாரணப் பட்டியல் எங்கள் கைக்கு வந்தபோது அதில் 286 வரிகள் இருந்தன. பாதி, வட்ஸ்அப்பில் சுற்றிய கூகுள் படிவத்தில் ஆட்கள் தாங்களே நிரப்பியது. மீதி, இளைஞர்கள் தெருத் தெருவாகப் போய்க் கொப்பியில் எழுதி வந்து எக்ஸெலில் ஏற்றியது. வந்திருந்த உலர் உணவுப் பொதிகளோ 250. குழுச் செயலாளர் சொன்னது ஒரே வசனம்: "டபுளா இருக்கிறதைத் தூக்கிட்டு ஃபைனல் லிஸ்ட்டைத் தாங்க சேர்."

எக்ஸெலில் இதற்கென்றே Data பகுதியில் Remove Duplicates என்றொரு பொத்தான் இருக்கிறது. அரை நிமிட வேலை. ஆனால் எந்த நிரலைப் பார்த்து ஒன்றா இரண்டா என்று முடிவெடுக்க வேண்டும் என்பதை நாம்தான் அதற்குச் சொல்லவேண்டும். செயலாளரின் வசனத்தில் அந்த விடை இல்லை. ஆகவே நாங்கள் மூன்று ஆசிரியர்களும் முதலில் பட்டியலில் கை வைக்காமல் அவரிடமே கேட்டோம்: பொதி ஆளுக்கா, வீட்டுக்கா, குடும்பத்துக்கா?

"குடும்பத்துக்கு."

"ஒரு வளவுக்குள்ள ரெண்டு குசினி தனியாச் சமைச்சா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ரெண்டு பொதிதான் சேர்" என்றார்.

இந்தக் கேள்வி நம் ஊரில் சின்ன விடயமில்லை. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் பின்னால் ஒரு குசினி இறக்கி இருப்பார்கள். இளைய மகளுக்கு மூலையில் இன்னொரு வீடு எழும்பும். மூன்று குடும்பம், ஒரே முகவரி, பல நேரம் ஒரே தொலைபேசி இலக்கம். முகவரியை வைத்து அழித்தால் இரண்டு குடும்பம் போய்விடும். மறுபக்கம், கணவன் வேலைத்தளத்திலிருந்து படிவத்தை நிரப்பியிருப்பார், அதே நாளில் மனைவி கொப்பிக்காரப் பிள்ளைகளிடம் தன் பெயரைக் கொடுத்திருப்பார். பெயர் வேறு, அடையாள அட்டை வேறு. கணினிக்கு இது இரண்டு ஆள், செயலாளர் சொன்ன கணக்குப்படி ஒரே குடும்பம்.

பொத்தான் என்ன செய்யும் என்று பார்க்க, ஒரு பிரதி எடுத்து அதில் தொலைபேசி நிரலை மட்டும் தெரிவு செய்து அழுத்தினோம். 61 வரிகள் காணாமல் போயின. திரையில் எண்ணிக்கை மட்டும்தான் வரும், யார் போனார் என்று அது காட்டாது. மூலப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், இலக்கம் எதுவும் எழுதாதவர்கள் 14 பேர் இருந்தார்கள். வெற்றுக் கூடும் வெற்றுக் கூடும் ஒன்றுதான் என்பது எக்ஸெலின் கணக்கு. 14 பேரில் முதலாமவரை வைத்துக்கொண்டு 13 பேரைத் தூக்கிவிட்டது. தொலைபேசியே இல்லாத வீடுகள்தான் அவை, தனியாக இருக்கும் வயதான உம்மாமார்தான் அதிகம். மற்ற 48 வரிகளில் கடைக்கார நானாவின் இலக்கத்தைக் கொடுத்திருந்த அயலவர்கள் சிலர், கட்டாரில் இருக்கும் மகனின் இலக்கத்தைக் கொடுத்திருந்த இரண்டு வீடுகள். உண்மையாகவே இரண்டு முறை பதிந்தவர்களும் இருந்தார்கள்தான், ஆனால் எல்லாரும் ஒரே குவியலில்.

பெயரை நம்பவும் வழியில்லை. ஒருவரே ஒரு இடத்தில் றிஸானா, இன்னொரு இடத்தில் ரிசானா, படிவத்தில் `Rizana`. கடைசியில் ஒரு இடைவெளி கூடுதலாகத் தட்டுப்பட்டிருந்தாலே எக்ஸெலுக்கு அது வேறு பெயர்.

மிஞ்சியது அடையாள அட்டை இலக்கம். அதிலும் ஒரு சிக்கல், பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் V அல்லது X எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆள் படிவத்தில் ஒன்றையும் கொப்பியில் மற்றதையும் கொடுத்திருக்கலாம். நல்ல காலத்துக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை. பழையதன் முன்னால் 19 போட்டு, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0 நுழைத்து, எழுத்தை எடுத்துவிட்டால் புதியது. கற்பனைக்கு 855123456V என்றால் 198551203456. இலக்கம் D நிரலில் இருந்ததால், H நிரலில் இதைப் போட்டோம்:

```
=IF(D2="","",IF(LEN(D2)=10,"19"&LEFT(D2,5)&"0"&MID(D2,6,4),D2&""))
```

பக்கத்து நிரலில், அது எத்தனை தரம் வருகிறது என்று எண்ண:

```
=IF(H2="","",COUNTIF(H:H,H2))
```

இலக்கம் இல்லாதவர்களை இது யாரோடும் சேர்க்காது, வெறுமையாகவே விடும். நடுவில் இடைவெளி விட்டவர்களையும் V போடாமல் விட்டவர்களையும் கையால் திருத்தினோம். பன்னிரண்டு இலக்கம் 1.98551E+11 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், நிரலை அகலமாக்கி Number வடிவத்துக்கு மாற்றித் தசமத்தை எடுத்தால் முழு இலக்கமும் அப்படியே வரும்.

இப்படி 19 வரிகள் அகப்பட்டன, ஒவ்வொன்றும் ஒரே ஆளின் இரண்டாவது பதிவு. இரண்டில் எதை வைப்பது? Remove Duplicates எப்போதும் மேலே இருப்பதை வைத்துக் கீழே இருப்பதை அழிக்கும். படிவத்தில் வந்தவை நேர வரிசையில் விழுவதால் மேலே இருப்பதுதான் பழையது. ஒருவர் முதலில் நான்கு பேர் என்று போட்டு, தங்கச்சியின் பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகு ஏழு பேர் என்று மறுபடி நிரப்பியிருந்தார். பொத்தான் அந்த ஏழை அழித்துவிடும். அதற்காகப் பிந்தியதை மட்டும் வைப்பது என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமுடியாது. இன்னொருவரின் பிந்திய பதிவை அடுத்த வீட்டுப் பிள்ளை நிரப்பியிருக்கிறது, அதில் முகவரியே இல்லை. ஆகவே ஆள் எண்ணிக்கைக்குப் பிந்திய பதிவு, முகவரிக்கு நிறைவான பதிவு, இரண்டும் முட்டினால் ஒரு அழைப்பு என்று முடிவு செய்து, வைக்கும் வரியில் இரண்டையும் சேர்த்தோம். 19 தானே, கையால் செய்யலாம்.

கணவன் மனைவி தனித்தனியாகப் பதிந்ததைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் எதுவும் உதவாது. முகவரிப்படி வரிசைப்படுத்தி, தெருவை அறிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசித்தோம். சந்தேகமானவர்களுக்கு அழைத்து, "ஒரே அடுப்பா, வேற வேறயா?" என்று கேட்டோம். அதில் 11. வரிசைப்படுத்த முன்பே ஒவ்வொரு வரிக்கும் மூலத் தொடரிலக்கம் ஒன்று போட்டு வைத்திருந்தோம். இல்லாவிட்டால் ஒரு தரம் கலைந்ததைப் பழையபடி அடுக்கமுடியாது.

ஆக 30 போய் 256. பொதி 250. "இன்னும் ஆறு டபுள் கிடைக்காதா சேர்?" என்று செயலாளர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பொதி போதாது என்பது வேறு கேள்வி, அதை டபுள் என்ற பெயரில் தீர்க்கமுடியாது என்றோம். அவரே இரண்டு கடைக்காரர்களோடு பேசி ஆறு பொதியை ஏற்பாடு செய்தார்.

எடுத்த 30 வரிகளையும் நாங்கள் அழிக்கவில்லை. "எடுத்தவை" என்ற தனித் தாளுக்கு மாற்றி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணத்தையும், எந்த வரியோடு சேர்ந்தது என்ற தொடரிலக்கத்தையும் எழுதினோம். விநியோக நாளில் ஒருவர், "படிவம் நிரப்பினேன், என் பெயரைக் காணல்லையே" என்று கொஞ்சம் சூடாகத்தான் வந்தார். செயலாளர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்து, "உங்கட பொதி வீட்டுக்காரிட பேரில இருக்கு நானா, காலையிலேயே வந்து எடுத்துட்டுப் போய்ட்டாங்க" என்றார்.