மட்டு சரி, வீச்சு தவறு

சித்தூரில் தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்து, திருப்பதியில் இன்டர்மீடியட் படித்தவன் நான். இரண்டாம் ஆண்டுக் கணிதத் தேர்வொன்றில் −1 + i என்னும் கலப்பெண்ணின் கனமூலங்களைக் கேட்டிருந்தனர். அதைத் துருவ வடிவில் எழுத மட்டும் வீச்சும் வேண்டும்.

மட்டு √2 எனச் சரியாகவே கண்டேன். வீச்சுக்காகக் கற்பனைப் பகுதியை மெய்ப்பகுதியால் வகுத்தேன், −1 வந்தது. tan மதிப்பு −1 ஆகும் கோணம் −45° என்று கொண்டு, அதை மூன்றால் வகுத்து, 120° வீதம் கூட்டி, −15°, 105°, 225° என்று முடித்தேன். மூன்று மூலங்களும் ஒரே வட்டத்தில் சம இடைவெளியில் அமைந்தன. ஆகவே ஐயமே எழவில்லை. விடைத்தாளில் மூன்றும் அடிக்கப்பட்டிருந்தன.

வகுக்கும்போது குறிகள் மறைந்துவிடுகின்றன என்பது பின்னரே புரிந்தது. 1 − i என்ற எண்ணுக்கும் அதே −1 தான் வரும். −1 + i இரண்டாம் கால்பகுதியில் உள்ளது. அதன் வீச்சு 135°. எனவே மூலங்களின் கோணங்கள் 45°, 165°, 285°. என் விடைகள் ஒவ்வொன்றும் ஒரு சரியான மூலத்தின் எதிர்க்குறி எண்ணாக இருந்தன. எண்ணும் அதன் எதிர்க்குறியும் ஒரே மட்டு உடையவை. அதனால் மட்டைச் சரிபார்ப்பது பிழையைக் காட்டாது.

ஒரு மூலத்தின் கோணத்தை மும்மடங்காக்கியிருந்தால் போதும். −15° என்பது −45° ஆகி, 1 − i என்ற வேறோர் எண்ணில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்.

இப்போது அக்காள் மகனுக்கு இதைச் சொல்லித்தரும்போது, வகுக்கும் முன் புள்ளியைத் தளத்தில் குறிக்கச் சொல்கிறேன்.