கூட்டக் குறிப்பில் லட்சம் எழுதும் விதம்

ஆண்டுக் கூட்டத்து அறிக்கையைப் படிச்ச சிலர், “ஏன் லட்சத்துக்கு கமா மாத்திப் போட்டிருக்கீங்க?”ன்னு கேட்டாங்க. நம்ம ஈஜோக் பக்கத்துல மத்த கோயில் செயலாளர்களும் கேட்கிற கேள்விதான். அதனால இங்கேயே சொல்லிடுறோம்.

தமிழில் நாம் லட்சம், கோடி என்றுதான் எண்ணுகிறோம். இந்தியாவில் கமாவும் அதையே பின்பற்றும்: கடைசி மூன்று இலக்கம் ஒரு கட்டு, பிறகு இரண்டிரண்டாக. மலேசியாவில் எல்லாமே மூன்று மூன்றுதான். திருப்பணிக்குத் தமிழ்நாட்டு ஸ்தபதி அனுப்பும் மதிப்பீட்டில் ரூ. 18,50,000 என்றிருக்கும். அதே கையோடு ரிங்கிட்டையும் எழுதும்போதுதான் சிக்கல்.

ஒரு உதாரணம். “கோபுர வேலைக்கு ஒண்ணேகால் லட்சம் வெள்ளி வரைக்கும் செலவு பண்ணலாம்”னு கூட்டத்தில் முடிவாகுது. குறிப்பில் ரி.ம. 1,25,000 என்று எழுதினால், நமக்குப் புரியும். பேங்கில் இருப்பவருக்கோ கணக்காய்வாளருக்கோ நடுவில் ஒரு இலக்கம் விடுபட்ட மாதிரி தெரியும். யாராவது கடைசியில் ஒரு சைபர் சேர்த்து 1,250,000 என்று “திருத்தினால்” நாம் கொடுத்த அனுமதி பத்து மடங்காகிவிடும்! கையெழுத்து வாங்கிய பிறகு அதை மாற்ற இன்னொரு கூட்டம் வேண்டும்.

அதனால் நாங்கள் வைத்திருக்கும் முறை: எண்ணில் மலேசியக் கமா, எழுத்தில் தமிழ் லட்சம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். “ரி.ம. 125,000 (ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் ரிங்கிட்)”. ஸ்தபதியின் ரூபாய்க்கும் அதேதான்: ரூ. 1,850,000 (பதினெட்டு லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய்). எண்ணில் கை தவறினாலும் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். “ஒண்ணேகால்” வாய்ப்பேச்சோடு சரி, குறிப்பில் வேண்டாம். மலாயில் மொழிபெயர்க்கும்போது பத்து லட்சம் ஒரு ஜூத்தா, ஒரு கோடி பத்து ஜூத்தா. லட்சமா இலட்சமா? எது வேண்டுமானாலும் சரி, ஆனால் ஒரே குறிப்பில் இரண்டும் வரக்கூடாது.

தேதியில் மாதத்தைப் பெயராகவே எழுதுகிறோம். 3/4 என்றால் சிலருக்கு மார்ச், சிலருக்கு ஏப்ரல். ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். அந்தக் கணக்கு கூட்டத் தேதியிலிருந்துதான் தொடங்கும். தமிழ் மாதத் தேதியும் போடுவதென்றால் ஆங்கிலத் தேதிக்குப் பிறகு.

நேரத்தில் ராத்திரிதான் தொல்லை. 2025 மகா சிவராத்திரி பிப்ரவரி 26, புதன்கிழமை. நாலாம் காலப் பூஜையை நாம் “புதன் ராத்திரி பூஜை”ன்னுதான் சொல்வோம், ஆனால் அதிகாலை 3 மணிக்குக் காலண்டரில் வியாழன் வந்தாச்சு. உபயதாரர் பெயரோடு “புதன் இரவு 3.00” என்று எழுதினால், அந்தக் குடும்பம் எந்த நாள் வருவது? “27 பிப்ரவரி 2025, வியாழன், அதிகாலை 3.00 மணி (புதன் இரவு தொடங்கும் சிவராத்திரி, நாலாம் காலம்)” என்று எழுதினால் குழப்பமில்லை. வெறும் “12.00 மணி”யும் வேண்டாம், நண்பகலா நள்ளிரவா என்று சேர்த்தே எழுதணும். ஏழரை மணியை 7.30 என்றுதான் எழுதணும், 7.5 இல்லை.

அடுத்த குறிப்பு ஒட்டியதும், முதலில் தொகை இருக்கும் வரிகளை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகலைன்னா உடனே செயலாளரிடம் சொல்லுங்க.