இரண்டாவது காட்சி

ஜவுளிக்கடைப் பணியாளர்களுக்கான பயிற்சிப் படமொன்றைப் பார்க்க நேர்ந்தது. சாயம் போன சேலையுடன் ஒரு பெண்மணி சினத்தோடு வருகிறார்.

முதற்காட்சி:

"ஒரே தண்ணியில சாயம் போயிடுச்சு!"

"நீங்க எப்படித் துவைச்சீங்களோ? பில் இருக்கா?"

குரல்கள் உயர்கின்றன.

இரண்டாவது காட்சியில், விற்பனையாளர் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறார்.

"முதல் தடவையிலேயே இப்படி ஆனா கஷ்டமாத்தாம்மா இருக்கும். சேலையைப் பார்க்கட்டுமா? பில் குடுங்க, மாத்தித் தரேன்."

இரண்டிலும் கேட்கப்படுவது அதே பில்தான். முன்னதில் அது சந்தேகமாக ஒலிக்கிறது. பின்னதில் தீர்வின் முதற்படியாகிறது.

ஆனால், மாற்றித்தரும் அதிகாரம் அவருக்கு உண்டென்று படம் எடுத்துக்கொள்கிறது. பல கடைகளில் அதற்கு மேலாளரின் கையெழுத்து வேண்டும். அவர் மறுத்துவிட்டால், பணிவாகச் சொன்ன வாக்கே பெண்மணியின் சினத்தை இரட்டிப்பாக்கும். அந்த மூன்றாவது காட்சி படத்தில் இல்லை.