விரலுக்குக் கீழே ஓடும் முடி

கலியாண ஆல்பத்தில் முடியின் நிறத்தை மாற்றிக் கொடுத்தால், வாங்கிப் பார்ப்பவர்களின் கண் முடியில் நிற்பதில்லை. முடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரலிலும் தோளில் கிடக்கும் சேலைக் கரையிலும்தான் நிற்கும். அங்கே ஓர் இழை அகலத்துக்குக் கறுப்பு ஏறியிருந்தால் விரல் அழுக்குப் படிந்ததுபோல் இருக்கும். ஓர் இழை அகலத்துக்குப் பழைய நிறம் மிஞ்சியிருந்தால் விரலைச் சுற்றிச் செம்பட்டைக் கோடு ஓடும். டிக்கோயாவில் ஸ்டூடியோ நடத்தும் எனக்கு, இந்தத் தொழிலில் ஆகப் பிடித்த வேலை இந்த எல்லையோர வேலைதான். நிறம் மாற்றுவதை அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். எதற்கு முன்னால் எது இருக்கிறது என்று படத்தைப் படிப்பதற்குத்தான் காலம் வேண்டும்.

ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். மணப்பெண் தலை குனிந்து நிற்கிறாள். கொழும்பில் வேலை செய்த காலத்தில் சாயம் போட்ட முடி, செம்பழுப்பாக இருக்கிறது. பெரியம்மா அட்சதை போட்டு ஆசீர்வதிக்கிறார். அவருடைய வலது கை பெண்ணின் உச்சந்தலையில் இருக்கிறது. பின்னல் இடது தோளுக்குப் பின்னால் போய் மறைகிறது. அந்தத் தோளில் கரும்பச்சைக் கரை வைத்த முந்தானை. பின்னலிலிருந்து நழுவிய நாலைந்து இழைகள் மட்டும் முந்தானைக்கு மேலே விழுந்து கிடக்கின்றன. பெண்ணின் அம்மா கேட்டது இவ்வளவுதான்: “தம்பி, முடி முந்தி மாதிரி கறுப்பா இருக்கணும். அக்கா கையில ஒண்ணும் படக் கூடாது.”

இங்கே முதலில் கைகொடுக்காமல் போவது நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழி. நம் ஆட்களின் மாநிறத் தோலும் செம்பழுப்பு முடியும் நிற வட்டத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில், சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் இருக்கின்றன. வேறுபாடு வெளிச்ச அளவில்தான். `Color Range` மூலம் முடியைத் தொட்டால் விரலிடுக்கின் நிழலும் சேர்ந்து வரும். மலைநாட்டு வெளிச்சம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. மூட்டத்தில் எடுத்த படத்தில் கடுமையான நிழல் இருக்காது. விரலின் அடிப்பக்கம் மெல்ல மெல்ல இருண்டு முடிக்குள் கலந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் நான் நிறத்தை நம்பாமல் சிவப்பு சேனலை மட்டும் தனியே திறந்து பார்ப்பேன். தோல் அதில் வெளிறித் தெரியும். முடி இருண்டே இருக்கும். விரல் எங்கே முடிகிறது என்பது அங்கே புலப்படும்.

அடுத்தது மாஸ்க். பழகாதவர்கள் முடிக்கு ஒரே மாஸ்க் போட்டு, அதில் கை இருக்கும் இடத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஒரே கோட்டுக்கு இரண்டு விதமான எல்லைகளைத் தாங்கும் வேலை வந்துவிடுகிறது. முடி பின்னணியோடு சேரும் இடம் சிலும்பியது, மென்மையானது. அதைப் பிரஷால் தடவித்தான் காட்ட முடியும். விரல் முடியை மறைக்கும் இடமோ ஒழுங்கான வளைவு. ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றது கெடும்.

அதனால் நான் இரண்டு மாஸ்க் வைக்கிறேன். நிறம் மாற்றும் லேயர்களை ஒரு `Group` உள்ளே போடுவேன். உள்ளே இருக்கும் மாஸ்க் முடிக்கு உரியது. அந்தக் குழுவின் மேல் போடும் மாஸ்க், முடியை மறைக்கும் கைக்கும் முந்தானைக்கும் உரியது. உள்ளே வெள்ளையும் வெளியே வெள்ளையும் சேரும் இடத்தில் மட்டுமே நிறம் மாறும். இப்படிப் பிரித்த பிறகு முடியின் மாஸ்க்கை விரலின் ஓரத்தில் நிறுத்த வேண்டியதில்லை. விரலுக்குக் கீழேயும் தாராளமாகத் தடவிக்கொண்டு போகலாம். உண்மையில் முடி அங்கேயும் இருக்கிறதுதானே. கைக்குக் கீழே அது தொடர்ந்து ஓடுகிறது. கை அதை மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். மாஸ்க்கும் அதையே சொல்ல வேண்டும். குழுவுக்கு மாஸ்க் போடும் வசதி, காசு கொடுக்காமல் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளிலும் 2.10 பதிப்பிலிருந்து இருக்கிறது.

கையின் மாஸ்க்கைப் பென் டூலால் வரைகிறேன். வரைந்து முடித்ததும் விரலிடுக்குகளைப் பார்க்க வேண்டும். விரித்த விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணங்களாக முடி தெரியும். கையைச் சுற்றி ஒரே கோடு போட்டவர்கள் அந்த முக்கோணங்களையும் கையோடு சேர்த்து மூடிவிடுகிறார்கள். தலை முழுதும் கறுத்த பிறகு பெரியம்மாவின் விரல்களுக்கு நடுவே மூன்று செம்பழுப்புத் துண்டுகள் மட்டும் பளிச்சென்று நிற்கும். முடியில் தங்கிய மஞ்சள் அரிசிக்கும் இதே கவனம் வேண்டும். ஒவ்வோர் அரிசியும் முடியை மறைக்கும் ஒரு பொருள். அதற்கும் குழு மாஸ்க்கில் ஒரு கறுப்புப் புள்ளி வேண்டும். இல்லாவிட்டால் அட்சதை சாம்பல் நிறமாகிவிடும்.

இனி ஓரத்தின் மென்மை. 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் தோலுக்கும் முடிக்கும் நடுவில் இரண்டும் கலந்த சில பிக்சல்கள் தெரியும். அவை எத்தனை அகலமோ அத்தனை அகலத்துக்குத்தான் மாஸ்க்கின் `Feather` இருக்க வேண்டும். அந்தக் கலப்புப் பிக்சலுக்குள் நடப்பதை ஓர் எண்ணை வைத்துப் பார்க்கலாம். முடியின் சிவப்பு அளவு 90, தோலின் அளவு 190 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்த பிக்சல் 140 இருக்கும். முடியை 45க்கு இருட்டினால், அந்தப் பிக்சல் 45க்கும் 190க்கும் நடுவில், ஏறக்குறைய 118க்கு வர வேண்டும். தொடாமல் விட்டால் 140. அதுதான் செம்பட்டைக் கோடு. முடியைப் போலவே பாதியாக இருட்டினால் 70. அதுதான் அழுக்கு விரல். மாஸ்க்கில் சரிபாதிச் சாம்பல் வைத்தால் 105 வருகிறது. கொஞ்சம் கூடுதலாகவே இருண்டுவிட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வைத்தால்தான் 118 கிடைக்கும்.

இதிலிருந்து கைக்கு வந்த பழக்கம் ஒன்று உண்டு. மறைக்கும் பொருள் முடியைவிட வெளிறியிருந்தால், மாஸ்க்கின் ஓரத்தை அரைப் பிக்சல் அளவு முடிப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். முடியைவிட இருண்டிருந்தால் மறுபக்கம் தள்ள வேண்டும். இந்தப் படத்தில் பெரியம்மாவின் விரலுக்கு முதல் விதி. முந்தானையின் கரும்பச்சைக் கரைக்கு இரண்டாம் விதி.

ஒரே கைக்கும் எல்லா இடத்திலும் ஒரே மென்மை இருக்காது. விரல்நுனி போகஸில் இருக்கும். கமராவுக்கு அருகில் நீளும் மணிக்கட்டு மங்கியிருக்கும். இதைப் பார்க்கக் கண்ணைப் பழக்க ஜூலியா மார்கரெட் கமரூனின் உருவப்படங்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இதே டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானவர். பொகவந்தலாவை செயின்ட் மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் எடுத்த பல முகங்களில் கண்ணருகே கூர்மையாக இருக்கும் படம், அவிழ்ந்த கூந்தலுக்கும் தோளுக்கும் போகும்போது கரைந்துபோகிறது. அந்தத் தோளின் ஓரத்தில் கத்தியால் வெட்டினதுபோல் மாஸ்க் போட்டால் தோள் முன்னால் துருத்திக்கொண்டு வந்துவிடும். மணிக்கட்டுக்கும் இதுதான். விரல்நுனிக்கு ஒரு பிக்சலுக்கும் குறைவான `Feather` வைத்து, மணிக்கட்டை நெருங்கும்போது மாஸ்க்கின் மேல் `Blur Tool` கொண்டு படிப்படியாக மென்மையாக்குகிறேன்.

முந்தானைக்கு மேல் விழுந்த இழைகளில் வரிசை தலைகீழாகிறது. பின்னலுக்கு முன்னால் தோள். தோளுக்கு முன்னால் இழை. குழு மாஸ்க்கில் முந்தானை முழுக்கக் கறுப்பாக இருப்பதால், அந்த இழைகள் மட்டும் பழைய நிறத்திலேயே நின்றுவிடும். இரண்டு பிக்சல் பிரஷில் வெள்ளையை எடுத்து, ஒவ்வோர் இழையையும் அது விழுந்த வளைவிலேயே திறந்துவிட வேண்டும். வேரிலிருந்து நுனிக்குப் போகப்போக அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். நுனியில் இழை மெலிந்து துணியின் நிறம் கலந்திருக்கும். அங்கே முழு வெள்ளை வைத்தால் சேலையில் கரிக்கோடு விழும். மெல்லிய வலைத்துணிக்கு வேறு கணக்கு. தேவாலயக் கலியாணத்து முக்காடு முடியை முழுக்க மறைப்பதில்லை. துணி வழியாக முடி தெரிகிறது. அங்கே குழு மாஸ்க்கில் கறுப்புக்குப் பதில் சாம்பல் வைக்கிறேன். வலை ஒற்றையாக இருக்கும் இடத்தில் வெளிறிய சாம்பல். மடிப்பு விழுந்து இரட்டையான இடத்தில் இருண்ட சாம்பல்.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் விரலோரத்தில் சிவப்பு மிஞ்சும் படங்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் இது அதிகம். காரணம் நம் கைவேலையில் இல்லை, ஜேபெக் கோப்பிலேயே இருக்கிறது. அது வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகச் சுருக்கிவிடுகிறது. சாயமுடியின் சிவப்பு நாம் தொடுவதற்கு முன்பே தோல்மேல் ஓரிரு பிக்சல் ஏறியிருக்கும். முடி சிவப்பாக இருந்தவரை அது கண்ணில் படாது. முடி கறுத்ததும் தனித்துத் தெரியும். அதற்காக மாஸ்க்கை அகலப்படுத்தினால் வெளிச்சமும் சேர்ந்து கெடும். எல்லாவற்றுக்கும் மேலே `Color` மோடில் ஒரு வெற்று லேயர் வைத்து, விரலின் உள்பக்கத்திலிருந்து தோல் நிறத்தை எடுத்து ஓரத்தில் மட்டும் மெல்லத் தடவ வேண்டும். நிறம் மட்டுமே மாறும்; ஓரத்தின் வடிவம் அப்படியே இருக்கும்.

முடியின் நிறத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. `Hue/Saturation` கொண்டு செம்மையை வடித்து, `Curves` கொண்டு இருட்டுகிறேன். `Color` மோடில் கறுப்பைத் தடவினால் முடி கறுக்காது. அந்த மோடு வெளிச்சத்தைத் தொடுவதில்லை என்பதால் சாம்பலாகத்தான் மாறும். மினுக்கத்தை முழுக்க அணைத்துவிடவும் கூடாது. மூட்ட வெளிச்சத்தில் கறுத்த முடியின் மினுக்கம் லேசாக நீலம் பாய்ந்திருக்கும். அதை விட்டுவைத்தால்தான் கூந்தல் கூந்தலாக இருக்கும். இதற்கு எதிர்த்திசையில், கரும்முடியைப் பழுப்பாக்குவதற்கு ஒரு வரம்பு உண்டு. போன் கமராவில் இருண்டுபோன முடியில் இழை விவரமே பதிவாகியிருக்காது. வெளிச்சத்தைத் தூக்கினால் இழைக்குப் பதில் திட்டுத்திட்டாகப் புள்ளிகள்தான் வரும். அந்த வேலையை நான் ஏற்பதில்லை.

கடைசிச் சோதனைக்கு, குழுவுக்குள் பளபளக்கும் பச்சையைத் தற்காலிகமாக நிரப்பிப் பார்க்கிறேன். விரலில் பச்சை ஏறியிருந்தாலும், முக்கோணங்களில் பச்சை வராமல் இருந்தாலும், கறுப்பில் தெரியாதது அப்போது உடனே தெரியும். பிறகு பச்சையை நீக்கி, எல்லாவற்றுக்கும் மேலே நிறச்செறிவை உச்சத்துக்கு ஏற்றி, தோலோரத்தில் மிஞ்சிய சிவப்பைத் தேடுகிறேன்.

கோப்பை லேயர்களோடு வைத்துக்கொள்வதில் நான் கண்டிப்பானவன். அந்த அம்மா ஒரு வாரம் கழித்து வந்து, “கொஞ்சம் கூடக் கறுத்துப் போச்சு தம்பி, லேசா பழுப்பு தெரியட்டும்” என்றார். `Curves` கோட்டை ஓர் இழுப்பு தளர்த்தினேன். கையின் மாஸ்க்கையும் முந்தானையின் மாஸ்க்கையும் தொடவே வேண்டியிருக்கவில்லை. நிறம் கேட்பவரின் விருப்பத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். பெரியம்மாவின் கை முடிக்கு முன்னால் இருந்தது என்பது மாறாது. மாறுவதையும் மாறாததையும் தனித்தனி லேயரில் வைத்தவருக்கு, எந்த நிறம் கேட்டாலும் விரலில் படாது.