நான்கு நிமிடப் பயணம்

கிள்ளானில் வசிக்கும் என் சித்தி மகள் எஸ்.பி.எம். எழுதிவிட்டுத் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தாள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் உள்ளே அவள் ஒருமுறைகூட வந்ததில்லை. அவளைப் போன்ற மாணவர்களுக்காக வளாகத்தைச் சுற்றிக் காட்டும் காணொளிக்கு உரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அவளையே மனத்தில் வைத்து எழுதினேன்.

எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலிருந்து தொடங்குவார்கள். ஆனால், புதிதாக வருபவருக்கு முதலில் வழிதான் தெரிய வேண்டும். ஆகவே, என் உரை கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் இரயிலில் தொடங்கியது. அப்துல்லா ஹுகும் நிலையத்தில் இறங்கி எல்.ஆர்.டி.க்கு மாறினால், இரண்டாவது நிலையம் யுனிவர்சிட்டி. பிரிக்பீல்ட்ஸிலிருந்து வருபவர் கே.எல். சென்ட்ரலில் ஏறினால் அது நான்காவது நிலையம். அங்கிருந்து வளாகத்திற்குப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். நிலையத்தின் பெயரைக் கேட்டுவிட்டு, வாசலிலேயே வகுப்பறை இருக்கும் என நினைப்பவர்கள் உண்டு!

அதன்பின் ஏரி, துங்கு வேந்தர் மண்டபம், நூலகம், இந்திய ஆய்வியல் துறை என்று நடந்து செல்லும் வரிசையிலேயே காட்சிகளை அமைத்தேன். ‘ரிம்பா இல்மு’ தாவரவியல் தோட்டம் 1974ஆம் ஆண்டில் உருவான அழகிய இடம். ஆயினும், அதைச் சேர்க்கவில்லை. அது இந்த நடைவழியில் இல்லை. நூலகக் காட்சியை அடுத்து அது தோன்றினால், பார்ப்பவர் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எண்ணிவிடுவார்.

அடுத்தது வேகம். கடிகாரத்தை வைத்து உரக்க வாசித்துப் பார்த்தேன். நிதானமாகப் பேசினால் பத்து வினாடிக்கு ஏறக்குறைய 15 சொற்கள் வந்தன. நான்கு நிமிடத்திற்கு 360 சொற்கள் எழுதலாம். நான் 240 சொற்களோடு நிறுத்தினேன். மீதி நேரத்தில் பறவை ஒலியும் காலடி ஓசையும் கேட்கட்டும்.

கேமரா நகரும்போது வழியை மட்டும் சொல்ல வேண்டும். அது நிற்கும்போதுதான் வரலாற்றைச் சொல்ல வேண்டும். கண் புதிய காட்சியைத் தேடும்போது காதில் விழும் ஆண்டுகள் மனத்தில் தங்குவதில்லை. மண்டபத்தின் முன் எழுதியது இது:

காட்சி: மண்டபத்தின் முகப்பு. கேமரா அசையவில்லை. 20 வினாடி.
குரல்: “இப்பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் பிறந்தது. பத்து ஆண்டுகளில் கோலாலம்பூரிலும் வளாகம் எழுந்தது. நம் பட்டமளிப்பு விழா நடைபெறும் மண்டபம் இதுதான்.”

வரைவு முடிந்ததும் அதைத் தங்கையிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டி, கேட்ட வழியைத் தாளில் வரையச் சொன்னேன். ஏரிவரை தடையின்றி வரைந்தவள், “அடுத்து மண்டபத்துக்கு எந்தப் பக்கம் போகணும், அக்கா?” என்று கேட்டாள். அவ்விடத்தில் நடந்து செல்லும் ஆறு வினாடிக் காட்சி ஒன்றைச் சேர்த்தேன்.

பேருந்து நேரத்தையும் கேட்டாள். நேர அட்டவணை மாறக்கூடியது. குரலில் பதிவு செய்தால் காணொளியே விரைவில் பழையதாகிவிடும். அதனால், அதைத் திரையின் கீழே எழுத்தாக இட்டோம். எழுத்தை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?