அறாத சங்கிலி

அன்புள்ள பேத்திக்கு,

"வெள்ளிக்கிழமைதோறும் அதே பாடல்களைத்தான் பாட வேண்டுமா? கைப்பேசியில் ஒலிக்கவிட்டால் போதாதா?" என்று கேட்டாய். அதற்கு இக்கடிதமே விடை.

நான் பாடுவது அபிராமி அந்தாதி. திருக்கடையூரில் அபிராமி பட்டர் பாடியது. தை அமாவாசையன்று பௌர்ணமி என்று மன்னரிடம் சொல்லிவிட்ட பட்டருக்காக, எழுபத்தொன்பதாம் பாடலில் அன்னை நிலவைத் தோற்றுவித்தாள் என்ற வரலாற்றை நீ அறிவாய். நான் சொல்ல வந்தது அந்தப் பாடல்களின் கட்டுமானத்தைப் பற்றி.

அந்தம் என்றால் முடிவு. ஆதி என்றால் தொடக்கம். ஒரு பாடல் எந்தச் சொல்லில் முடிகிறதோ, அச்சொல்லிலேயே அடுத்த பாடல் தொடங்கும். முதற்பாடலின் இறுதியில் "துணை" என்று வரும். இரண்டாம் பாடல் அந்தத் துணையைப் பற்றிக்கொண்டே எழும். இப்படியே நூறு பாடல்கள். நூறாவதன் இறுதிச் சொல், முதற்பாடலின் "உதிக்கின்ற" என்னும் தொடக்கத்துக்கே நம்மைக் கொண்டுவந்து சேர்க்கும். ஒவ்வொரு பாடலும் ஏகாரத்தில் முடிவதால், பாடல் நிறைவுற்றதைச் செவியே உணர்ந்துவிடும்.

என் அன்னைக்கு எழுத்து தெரியாது. ஆயினும் நூறும் மனப்பாடம். எனக்கும் ஏடின்றியே கற்பித்தார். மாவரைக்கும்போது ஒரு பாடலின் கடைசிச் சொல்லை மட்டும் சொல்வார். அடுத்த பாடலை நான் எடுக்க வேண்டும். இடையில் ஒரு பாடல் விடுபட்டால் சொல் பொருந்தாது. பிழையை அவர் சொல்லாமலே நான் அறிவேன்.

முதுமையில் அவருக்கு நினைவு மங்கியது. என்னையே "யாரம்மா நீ?" என்று கேட்டார். உண்டதும் உறங்கியதும் மறந்து போயின. ஒரு மாலை விளக்கேற்றிவிட்டு முதற்பாடலைப் பாடி நிறுத்தினேன். சற்றுப் பொறுத்து, "துணையும்..." என்று தழுதழுத்த குரலில் இரண்டாம் பாடலை அவர் தொடங்கினார். அன்று பதினோரு பாடல்கள் மாறி மாறிப் பாடினோம். என் பெயர் அவருக்கு இறுதிவரை நினைவுக்கு வரவில்லை. ஆனால் நான் நிறுத்திய இடத்தில் அவர் எடுத்தார். அவர் நிறுத்திய இடத்தில் நான் எடுத்தேன். தாயும் மகளுமாக எங்களை அந்தச் சொற்களே பிணைத்து வைத்தன.

கைப்பேசி நூறு பாடல்களையும் வழுவின்றிப் பாடும். ஆனால் அது நமக்காக நிறுத்திக் காத்திராது.

கல்விக்கு ஒன்று, செல்வத்துக்கு ஒன்று என்று தனித்தனிப் பாடல்களைத் தேர்ந்து பாடுவோரும் உண்டு; அதில் குற்றமில்லை. நீயோ, கண்ணே, வரிசையாகவே கற்றுக்கொள். வாரத்துக்கு ஒரு பாடல் போதும்; இரண்டாண்டுகளில் நூறும் நிறையும். வரும் வெள்ளியன்று தொலைபேசியில் அழைக்கிறேன். முதற்பாடலை நான் பாடுவேன். இரண்டாவதை நீ எடு.

இப்படிக்கு,
உன் பாட்டி